பூட்டா, சோதனையா?

1986ஆம் ஆண்டு ஜப்பானில் ‘மெட்ராய்ட்’, ‘காஸில்வேனியா’ என்று இரண்டு கணினி விளையாட்டுகள் வெளிவந்தன. பின்னர் இந்தப் பெயர்களை ஒட்டவைத்து, ஒரு வகை விளையாட்டுக்கே ‘மெட்ராய்ட்வேனியா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர்தான் வாயில் நுழையாது, விடயம் எளிது. ஒரே பெரிய உலகம். அதில் பல பாதைகள் ஆரம்பத்தில் அடைபட்டிருக்கும். எங்கோ தொலைவில் நமக்கு ஒரு புதிய ஆற்றல் கிடைக்கும். அதோடு பழைய இடத்துக்குத் திரும்பி வந்தால், முன்பு சுவராக இருந்தது இப்போது வழியாகிவிடும்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நானாவின் மடிக்கணினியில் இப்படியொன்றை ஆடத் தொடங்கினேன். அதன் பெயர் ‘ஹொலோ நைட்’. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஒரு சிறிய குழு செய்து, 2017இல் வெளியிட்டது. பூமிக்கு அடியில் பாழடைந்து கிடக்கும் பூச்சிகளின் இராச்சியம். அதில் கையில் ஓர் ஆணியை வாளாகப் பிடித்த சின்னஞ்சிறு வீரன்தான் நாம்.

உயர்தரத்துக்குப் புவியியலைத் தெரிவு செய்திருப்பதால், முதலில் என்னை இழுத்தது அதன் வரைபடம். புதிய பகுதிக்குள் நுழைந்தால் திரையில் வரைபடம் கிடையாது. கோர்னிஃபர் என்றொரு பூச்சி அந்தப் பகுதியில் எங்கேயோ இருந்து வரைந்துகொண்டிருக்கும். தரையில் சிதறிக் கிடக்கும் தாள்களும், அது மெல்ல முணுமுணுக்கும் பாட்டும்தான் அதைத் தேடிப்போக அடையாளம். காசு கொடுத்தால் அரைகுறை வரைபடமொன்றைத் தரும். மிச்சத்தை நாமே நிரப்ப வேண்டும். அதற்கும் மேலேயுள்ள ஊரில் கோர்னிஃபரின் மனைவி இசெல்டாவின் கடையில் 120 ஜியோ கொடுத்து இறகுப் பேனா வாங்கியிருக்க வேண்டும். பேனா இருந்தாலும், நடக்க நடக்க வரைபடம் வளராது. வழியிலுள்ள ஒரு வாங்கில் போய் உட்கார்ந்தால்தான், சுற்றி வந்த அறைகள் வரைபடத்தில் பதியும்.

ஆனால் அந்த வரைபடம் ஒன்றை மட்டும் சொல்லாது. ஒரு பாதை முடியாமல் திறந்தபடி நிற்பதைக் காட்டும். ஏன் நான் அதற்குள் போகவில்லை என்பதைக் காட்டாது. அதனால் ஒரு பழைய கொப்பியை எடுத்து, என்னைத் தடுத்த இடங்களையெல்லாம் எழுதத் தொடங்கினேன். இடம், தடுத்தது எது, எவ்வளவு தூரம் போக முடிந்தது என்று மூன்று விடயங்கள்.

எழுத எழுதத்தான் ஒரு கேள்வி பெரிதாகியது. ஓரிடத்தில் தடைப்படும்போது, அது பூட்டா, சோதனையா? பூட்டென்றால் திறப்பு வேறெங்கோ இருக்கிறது. அங்கேயே நின்று முட்டிப் பயனில்லை. சோதனையென்றால் திறப்பு என் கையில்தான். திரும்பிப் போனால் ஒன்றும் கிடைக்காது. விளையாட்டு இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே மாதிரித்தான் எரிச்சலூட்டும்.

பச்சைப் பாதை என்ற பகுதியில் இரண்டும் இருக்கின்றன. அங்கே பல இடங்களில் அமிலக் குளங்கள். குதித்துத் தாண்டப் பார்த்தேன். விழுந்தால் உயிரில் ஒரு பங்கு குறைந்து, பழைய கரையிலேயே நிற்பேன். ஒரு குளத்தில் எட்டுத் தடவை முயன்றேன். எட்டுத் தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழுந்தேன். அதே பகுதியின் முடிவில் ஹோர்னெட் என்ற எதிரி ஊசியோடு காத்திருக்கிறாள். அவளிடமும் பல தடவை தோற்றேன். ஆனால் அந்தத் தோல்விகள் ஒன்றைப்போல ஒன்று இல்லை. முதல் தடவை சில நொடிகள்தான் தாக்குப்பிடித்தேன். பிறகு, பாய்வதற்கு முன் அவள் குரல் கொடுப்பதைக் கவனித்தேன். அதற்குப் பிறகு அவளுடைய பாய்ச்சலுக்கு மேலால் குதிக்கக் கற்றேன்.

கொப்பியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது வேறுபாடு விளங்கியது. ஒவ்வொரு முயற்சியும் ஒரே இடத்தில் முடிந்தால் அது பூட்டு. ஒவ்வொரு முயற்சியும் கொஞ்சமாவது மாறினால் அது சோதனை. குளத்தை எழுதி வைத்துவிட்டு நகர்ந்தேன். ஹோர்னெட்டிடம் நின்று போராடினேன். அவளை வென்ற பிறகு கிடைத்த மேலங்கி, காற்றில் ஒரே வீச்சாக முன்னால் பாயும் ஆற்றலைத் தந்தது. கொப்பியில் சில வரிகளை அன்றே வெட்டினேன்.

எனக்கு மிகப் பிடித்த வரி முதல் பக்கத்தில் இருந்தது: “ஊரின் மேற்கு, மலைச்சுவர், ஏற முடியாது.” விளையாட்டின் தொடக்கத்தில் நம் வீரன் ஒரு குகைப்பாதையைக் கடந்து, உயரத்திலிருந்து அந்த ஊருக்குள் குதிக்கிறான். குதித்தபின் வந்த வழிக்கே திரும்ப முடியாது. பல நாட்கள் கழித்து, காளான் காட்டுக்குக் கீழே கும்பிடுபூச்சிகளின் கிராமத்தில், சுவரைப் பற்றி ஏறும் நகம் கிடைத்தது. எல்லோரும் அதோடு புதிய நகரத்தைத் தேடிப் போவார்கள். நான் மேலே ஊருக்குப் போய், அந்த மலைச்சுவரில் ஏறினேன். ஆட்டம் தொடங்கிய அதே குகைக்குள் நுழைந்து, இன்னும் மேலே ஏறினால், காற்று ஊளையிடும் மலைமுகடு என்று ஒரு முழுப் பகுதியே இருந்தது. தரையில் தாள்கள் கிடந்தன. கோர்னிஃபரின் முணுமுணுப்பும் கேட்டது.

அப்போது பின்னால் நின்ற உம்மா கேட்டார்: “ஏன் மகள், போன இடத்துக்கே திரும்பித் திரும்பிப் போறீங்க? அலுக்கல்லயா?”

“போன இடம்தான் உம்மா. ஆனா போன தடவை இதுல பாதியத்தான் பார்த்தன்” என்றேன்.

எல்லாப் பழைய இடங்களும் நமக்காகக் காத்திருப்பதுமில்லை. ஊருக்குக் கீழேயுள்ள மறந்துபோன சந்தி, முதலில் அமைதியான இடம். கதை வெகுதூரம் போன பிறகு அங்கே திரும்பினால், செம்மஞ்சள் நிற நோய் சுவரெங்கும் கொப்புளமாகப் பரவியிருக்கும். பழைய பூச்சிகள் வெறிகொண்டு பாயும். மனப்பாடமான வழி என்று அலட்சியமாக நடக்க முடியாது.

உயர்தர வகுப்புகள் தொடங்கியதும் இரண்டு மாதம் விளையாட்டைத் தொடவில்லை. இந்த வகை விளையாட்டின் பெரிய பலவீனம் அப்போதுதான் தெரிந்தது. வரைபடம் அப்படியே இருந்தது; திறந்தபடி நின்ற பாதைகளுக்கு மட்டும் காரணம் மறந்துபோயிருந்தது. கொப்பி இல்லாவிட்டால் எல்லா மூலைக்கும் மறுபடி நடந்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் நானாவுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. மடிக்கணினியும் அவரோடு போகவேண்டும். இரண்டு கிழமைதான் இருந்தது. “இன்டர்நெட்ல முழு மெப்பும் இருக்கு. அதைப் பார்த்து முடிச்சிடு” என்றார் நானா. அவர் சொன்னது நியாயம்தான். பார்த்திருந்தால் முடித்திருப்பேன். ஆனால் எது பூட்டு, எது சோதனை என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மிச்சமிருப்பது விசைகளை அழுத்துவது மட்டும்தான். பார்க்கவில்லை. நானா புறப்பட்ட அன்று கொப்பியில் நான்கு வரிகள் வெட்டப்படாமல் இருந்தன. அதிலொன்று பச்சைப் பாதையின் அந்தக் குளம்.

போன மாதம் நானா தொலைபேசியில் பேசினார். வேலை முடிந்து வந்த இரவுகளில் என் ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். நிலத்தடி நீர்வழிகளுக்கு அப்பால், அமிலத்தில் நீந்தும் ஆற்றல் அவருக்குக் கிடைத்துவிட்டதாம்.

“மெப்ப பார்த்தா ஒண்டும் விளங்குதில்ல தங்கச்சி. எந்தெந்தக் குளத்த நீ விட்டுட்டுப் போன? அந்தக் கொப்பி இருக்கா?”

கொப்பி மேசை லாச்சியில்தான் இருந்தது. எடுத்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன்.