கடைசி அறிவித்தல்

நம்ம ஊர்ல வீடு வாடகைக்குக் கொடுத்தவங்களும் இருக்காங்க, வாடகைக்கு இருக்கறவங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கத்துக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டு, அவங்க சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விஷயங்களை மாற்றியிருக்கிறேன்.

வாப்பா மவுத்தான பிறகு உம்மாவுக்கு இருக்கிற ஒரே வருமானம், பின்னால இருக்கிற சின்ன வீட்டு வாடகை. மாசம் 25,000. பிரஷர் மருந்து, சுகர் மருந்து, கரண்ட் பில் எல்லாம் அதுக்குள்ளதான். அந்த வீட்டில் இருந்த நானா சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். கடை படுத்துவிட்டது. மார்ச்சில் தொடங்கி வாடகை ஒழுங்காக வரவில்லை. ஜூலை முடியும்போது ஐந்து மாசம். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். ஒவ்வொரு நாளும் காலையில் இடாப்பு மார்க் பண்ணும்போது அந்தப் பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவேன். பின்னேரம் உம்மா, "இந்த மாசமும் ஒண்டும் இல்லையா மகன்?" என்று கேட்பா.

ஒருநாள் ராத்திரி கோபத்தில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். "எங்கள் பொறுமையைச் சோதிக்கிறீர்கள்", "நம்பிக்கைத் துரோகம்", "உடனடியாக வெளியேற வேண்டும்", எல்லாம் அதில் இருந்தது. அடுத்த நாள் கோர்ட்டில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்த மாமா ஒருவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு தரணும், எப்ப தரணும், தராட்டி என்ன நடக்கும். இந்த மூணும் இதுல எங்க மகன் இருக்கு?"

மூன்றும் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது.

மாமா சொல்லச் சொல்லத் திரும்ப எழுதினேன். முதலில் கணக்கு. மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாசம், 125,000. ஏப்ரலில் தந்தது 10,000. ஜூனில் தந்தது 15,000. மீதி 100,000. எங்கள் பெயரில் வரும் கரண்ட் பில்லில் அவர்கள் பங்கு 8,640. மொத்தம் 108,640. மாசத்துக்கு ஒரு வரி, ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் திகதி. "இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துவோம்" என்று ஒரு வசனம்.

அட்வான்ஸ் 50,000 எங்களிடம் இருந்தது. "அதைக் கழிச்சிக்கங்க" என்று பலரும் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் அது வீட்டை ஒப்படைக்கும்போது பாக்கியையும் திருத்த வேலைச் செலவையும் கழித்துத் திருப்பித் தரும் காசு. அதை இப்பவே வாடகைக்குக் கழித்தால் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதனால் கடிதத்தில் அதைத் தனி வரியாக எழுதினோம், மறைக்கவில்லை.

அடுத்தது திகதி. எங்கள் எழுத்து ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். அது முடிந்து மாத வாடகையாக ஓடிக்கொண்டிருந்தது. மாத வாடகை என்றால் ஒரு முழு மாசம் அறிவித்தல் கொடுத்து, மாசக் கடைசியில் முடியவேண்டும். ஆகஸ்ட் 10ஆம் திகதி கொடுத்துவிட்டு ஆகஸ்ட் 31இல் போகச் சொன்னால் அந்த அறிவித்தல் நிற்காது. அதனால் ஜூலை மாசத்துக்குள்ளேயே கையில் கிடைக்கும்படி கொடுத்து, ஆகஸ்ட் 31 என்று போட்டோம். உங்களுடையது நொத்தாரிசு எழுதிய குத்தகை என்றாலோ, 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குள் வரும் பழைய வீடு என்றாலோ இந்தக் கணக்கு வேறு. ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பிறகு, என்ன நடக்கும் என்பது. நான்கு வசனம்தான். ஆகஸ்ட் 15க்குள் முழுத் தொகையையும் தரலாம். அல்லது பாதியை அப்போது தந்து, மீதியை நான்கு மாசத்தில் வாடகையோடு சேர்த்துத் தருவதாக எழுத்தில் உடன்படலாம். இரண்டும் இல்லை என்றால் 31ஆம் திகதியோடு வாடகை உரிமை முடிகிறது, திறப்பை ஒப்படைக்கவேண்டும். ஒப்படைக்காவிட்டால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போவோம், அங்கே முடியாவிட்டால் சட்டத்தரணி மூலம் நீதிமன்றம்.

சின்னத் தொகைக் காசுப் பிரச்சினையை நேரே கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மத்தியஸ்த சபையில் பேசி, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இருக்கவேண்டும். அதனால் இதை மிரட்டலாக எழுதத் தேவையில்லை. நடக்கப்போகும் வழி அதுதான்.

நான் கேட்டேன், "கரண்டை வெட்டுவோம் என்று ஒரு வரி போட்டா பயப்படுவார்தானே மாமா?"

மாமா கண்ணாடியைக் கழட்டி வைத்தார். "பூட்டை மாத்தினா, சாமானை வெளியில போட்டா, அவர் ரெண்டு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போனாப் போதும். 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம், 66ஆம் பிரிவு. அவரைத் திரும்ப வீட்டுக்குள்ள விடச் சொல்லி ஓடர் வரும். காசு தரவேண்டியவர் அவர், குற்றவாளியா நிக்கிறது நீங்க."

இன்னொன்றும் சொன்னார். 31க்குப் பிறகு அவர் கொண்டுவந்து தரும் காசை "வாடகை" என்று ரசீது எழுதி வாங்கினால், புதிதாக வாடகைக்கு விட்டதாக வாதம் வரும். வாங்குவதென்றால் ரசீதில், வீட்டில் தொடர்ந்து இருந்ததற்கான நட்டஈடு, அறிவித்தலுக்குப் பாதகமின்றி வாங்குகிறோம் என்று எழுதவேண்டும்.

கடிதம் ஒரு பக்கம்தான் வந்தது. பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை எடுத்து வைத்தோம். ஒரு பிரதியை மூடிய கவரில் நானே அவர் கையில் கொடுத்தேன். அவருடைய மகளிடம் கொடுத்துவிடவில்லை. வாட்ஸ்அப்பில் யாருக்கும் போடவில்லை.

ஆகஸ்ட் 9ஆம் திகதி மஃரிபுக்குப் பிறகு அவரும் மனைவியும் வந்தார்கள். கையில் அந்தக் கடிதம். பென்சிலால் ஒரு இடத்தில் கோடு போட்டிருந்தார்.

"சேர், கோவிக்க வேணாம். மே மாசம் உங்க தம்பிக்கிட்ட 5,000 குடுத்தேன். இதுல இல்ல."

தம்பிக்குக் கோல் எடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஓம் நானா, மறந்துட்டேன்" என்றான். ரசீது கொடுத்திருக்கவில்லை. நான் முதலில் எழுதிய அந்தக் கோபக் கடிதத்தை அனுப்பியிருந்தால், துரோகம் என்று எழுதிய என் வீட்டிலேயே 5,000 கணக்கில்லாமல் கிடந்திருக்கும். உம்மா எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினா.

தொகையை 103,640 என்று திருத்தி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பாதியைத் தர அவரால் முடியவில்லை. மனைவியின் உம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். ஆகஸ்ட் வாடகை 25,000ஐயும் சேர்த்து, அட்வான்ஸ் 50,000ஐக் கழித்தால் மீதி 78,640. மாசம் 10,000 வீதம் தருவதாக எழுதிக் கொடுத்தார். 30ஆம் திகதி வீட்டைக் கூட்டிக் கழுவித் திறப்பைத் தந்தார். மீட்டரை இரண்டு பேருமாகப் பார்த்து எழுதிக்கொண்டோம்.

இதுவரை மூன்று தவணை வந்திருக்கிறது. ஒன்று பத்து நாள் பிந்தியது, முதல் நாளே கோல் எடுத்துச் சொன்னார். மூன்றுக்கும் ரசீது கொடுத்தேன். உம்மாவுக்கு நான்கு மாசம் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். மருந்துக் காசை நானும் தம்பியும் பிரித்துக் கட்டினோம்.

மகள் இப்பவும் என் வகுப்பில்தான். இடாப்பில் பெயர் கூப்பிட்டால் பழையபடி சத்தமாக "வந்திருக்கேன் சேர்" என்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன்.