பிஓ நம்பர் வந்துவிட்டதா?

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்தும் சாங்கி பிஸினஸ் பார்க்கிலிருந்தும் லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு வாட்ஸ்அப் வரத் தொடங்கிவிடும். ஊழியர்களுக்கு இனிப்புப் பெட்டி, வரவேற்பறையில் கோலம், மதியம் வாழையிலைச் சாப்பாடு, மருதாணி வைக்க இரண்டு பெண்கள். கேட்பவர் பெரும்பாலும் மனிதவளத் துறையில் இருக்கும் ஓர் இளம்பெண். அவளும் தமிழ்ப் பெண்ணாக இருந்துவிட்டால் பேச்சு இன்னும் சுலபமாகிவிடும். "போன தடவை மாதிரியே செஞ்சு கொடுத்துடுங்க அங்கிள், பேமெண்ட் எல்லாம் பிரச்சினையே இல்லை" என்பாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை பிரச்சினை இல்லைதான். ஆனால் பணம் கொடுக்கப்போவது அவள் இல்லை.

கேம்பல் லேனுக்கும் டன்லப் ஸ்திரீட்டுக்கும் இடையில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. சிறிய கடைகளில் வாங்குகிறவர், சம்மதிக்கிறவர், பணம் தருகிறவர் மூவரும் ஒரே ஆள். கண்ணாடிக் கட்டடங்களில் அவர்கள் மூன்று பேர், மூன்று மாடிகளில் இருப்பார்கள். மூன்றாவது ஆள் இந்த ஊரிலேயே இல்லாமலும் போகலாம்: கோலாலம்பூரிலோ மணிலாவிலோ, சில சமயம் நம் சென்னையிலோ உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர்க் கிளைக்கு வரும் இன்வாய்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மைசூர்பாகு எப்படி இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய திரையில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கம்பெனி கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர், பொருள் வந்து சேர்ந்தது என்று வாங்கியவர் போட்ட பதிவு, கடைக்காரர் அனுப்பிய இன்வாய்ஸ். பொருந்தினால் பணம் நகரும். இன்வாய்ஸில் பிஓ நம்பரே இல்லையென்றால் எதோடு பொருத்துவது? அப்படியே திரும்பி வரும்.

2024 தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. எனக்குத் தெரிந்த ஓர் இனிப்புக் கடைக்குச் செப்டம்பரிலேயே ஓர் அலுவலகத்திலிருந்து ஆர்டர்: 240 பெட்டி, பெட்டி 18 வெள்ளி. மொத்தம் 4,320 வெள்ளி, அதற்குமேல் ஒன்பது சதவீத ஜிஎஸ்டி. கொட்டேஷன் போனது, "ஓகே அங்கிள்" என்று பதில் வந்தது, அடுப்பு மூட்டியாயிற்று. விநியோகத்துக்கு இரண்டு நாள் முன்னால் தொலைபேசியில் இன்னும் இருபது பெட்டி கேட்டார்கள். அக்டோபர் 24-ஆம் தேதி 260 பெட்டி போய் இறங்கியது. மறுநாளே இன்வாய்ஸ்: 4,680 வெள்ளி, ஜிஎஸ்டி 421.20, ஆக 5,101.20.

மூன்று வாரம் கழித்து ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. பிஓ நம்பர் இல்லை, ஏற்க இயலாது என்றது. கடைக்காரர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் பதறிப்போய் அன்றைக்கே ஒரு நம்பர் அனுப்பினாள். அதைப் போட்டு அனுப்பியதும் திரும்பியது. அவள் அனுப்பியது பிஓ நம்பரே அல்ல, பிஆர் நம்பர். அதாவது, "இதை வாங்க அனுமதி வேண்டும்" என்று அவள் தன் மேலதிகாரிக்குப் போட்ட உள் விண்ணப்பத்தின் எண். அந்த அனுமதி இன்னும் வரவில்லை.

இந்தக் குழப்பம் ஆண்டுதோறும் நடப்பதால் ஒரு சின்ன அடையாளம் சொல்லிவைக்கிறேன். பெரிய கம்பெனிகள் பல சாப் மென்பொருளில் இயங்குகின்றன. அதன் வழக்கமான அமைப்பை மாற்றாமல் வைத்திருக்கும் இடங்களில் பிஓ எண் பத்து இலக்கம், 45 என்று தொடங்கும். விண்ணப்ப எண்ணோ எட்டு இலக்கம், ஒன்றில் தொடங்கும். எல்லாக் கம்பெனியும் இப்படி வைத்திருக்காது, ஆகவே இதை முழுக்க நம்பவும் கூடாது. எண்ணை மட்டும் வாங்காமல் பிஓ காகிதத்தையே பிடிஎஃப்பாகக் கேட்பதுதான் சரி. விண்ணப்பம் என்பது அவர்களுக்குள் சுற்றுவது, அதைக் கடைக்காரருக்கு அனுப்பும் வழக்கம் கிடையாது. கடைக்குக் காகிதம் வந்தால் அது பிஓவாகத்தான் இருக்கும்.

அந்தக் காகிதம் டிசம்பர் 3 அன்று வந்தது. அதில் 240 பெட்டி என்றிருந்தது. அவள் பழைய கொட்டேஷனை வைத்து விண்ணப்பித்திருந்தாள், தொலைபேசியில் சொன்ன இருபது அதில் இல்லை. 260-க்கான இன்வாய்ஸ் 240-க்கான பிஓவோடு எப்படிப் பொருந்தும்? இருபதுக்காக முழுத் தொகையும் நிற்கும். போதாக்குறைக்கு, பிஓ தேதிக்கு முந்தைய தேதியிட்ட இன்வாய்ஸை அந்தக் கம்பெனி ஏற்காது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே பழைய இன்வாய்ஸுக்கு ஒரு கிரெடிட் நோட் போட்டு ரத்து செய்துவிட்டு, 240 பெட்டிக்கு மட்டும் டிசம்பர் 4 தேதியில் புதிதாக ஒன்று போட்டோம்: 4,708.80 வெள்ளி. அவர்களுடைய தவணை 60 நாள், அது புதிய தேதியிலிருந்துதான் ஓடும். அக்டோபரில் தின்று முடித்த லட்டுக்குச் சீனப் புத்தாண்டு முடிந்து பிப்ரவரியில் பணம் வந்தது. இருபது பெட்டிக்கான 392.40 வெள்ளியை "இனாம்னு எழுதிடுங்க தம்பி" என்றார் கடைக்காரர். நான் எழுதவில்லை. திருத்திய பிஓ ஜனவரியில் வந்தது, தனி இன்வாய்ஸ் போட்டோம்.

காத்திருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு எரிச்சலூட்டுவது வரி. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி கணக்குக்குப் பெரும்பாலும் பொருள் போய்ச் சேர்ந்த நாள் முக்கியமில்லை. இன்வாய்ஸ் போட்ட நாள், பணம் வந்த நாள், இரண்டில் எது முந்தியதோ அதுதான் கணக்கு. அந்தக் கடையின் காலாண்டு அக்டோபர் 31-இல் முடிகிறது. 25-ஆம் தேதி அவசரப்பட்டுப் போட்ட இன்வாய்ஸ் அந்தக் காலாண்டுக்குள் விழுந்துவிட்டது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினாலும் வரித்துறைக்கு அது போட்ட இன்வாய்ஸ்தான். கைக்கு ஒரு காசு வருமுன்பே 421.20 வெள்ளியை நவம்பர் 30-க்குள் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. கிரெடிட் நோட்டால் அது அடுத்த காலாண்டில் நேராகிவிட்டது, உண்மைதான். ஆனால் அதுவரை கடையின் பணம் அரசிடம் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரி இன்வாய்ஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் வைத்திருக்கும் பட்டியலில் பிஓ நம்பர் கிடையாது. கடையின் பெயர், ஜிஎஸ்டி பதிவு எண், தேதி, வாங்குபவர் பெயர், முகவரி, பொருள், தொகை, வரி எல்லாம் உண்டு. ஆக, பிஓ நம்பர் இல்லாத இன்வாய்ஸ் சட்டப்படி முழுமையானது, வரியும் கட்ட வைக்கும். பணம் மட்டும் வராது. கையில் பிஓ இல்லாதவரை இன்வாய்ஸ் போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். விலை குறித்து ஏதாவது காகிதம் கேட்டால் புரோஃபார்மா இன்வாய்ஸ் கொடுக்கலாம். அது வரிக் கணக்கில் சேராது.

அப்படியானால் எப்போது கேட்பது? விலைக்கு ஒப்புக்கொண்ட அந்த நிமிடத்தில், சர்க்கரை வாங்குவதற்கு முன்னால். பொருள் போன பிறகு கேட்டால் அவசரம் நம்முடையது மட்டும்தான். போவதற்கு முன் கேட்டால் அவசரம் அவர்களுடையது, தீபாவளி தள்ளிப்போகாது அல்லவா. கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். "நம்ம பொண்ணு, எப்படிக் கேக்கிறது? நம்பலேன்னு நினைச்சுக்குவா" என்பார்கள். அவளிடம் பணம் கேட்கவில்லை, அவளுடைய வேலையைத்தான் நினைவுபடுத்துகிறோம். நான் எழுதிக்கொடுக்கும் வாசகம் இது: "கொட்டேஷனை ஏற்றதற்கு நன்றி. உங்கள் கம்பெனியில் பிஓ தேவையா? தேவையென்றால் பிஓ காகிதம் செப்டம்பர் 30-க்குள் கிடைத்தால் அக்டோபர் 24-ஆம் தேதி விநியோகம் உறுதி. இன்வாய்ஸ் எந்தக் கம்பெனி பெயருக்கு, எந்த மின்னஞ்சலுக்கு என்றும் சொல்லுங்கள்." இதில் தேதிதான் வேலை செய்கிறது. அதைப் பார்த்தால் அவள் தன் மேலதிகாரியை நச்சரிப்பாள்.

ஆறு வாரம் முன்பே கேட்க வேண்டியதற்கு இன்னொரு காரணம், புதிய கடை என்றால் முதலில் அவர்களுடைய மென்பொருளில் விற்பனையாளராகப் பதிவாக வேண்டும். அக்ரா நிறுவனப் பதிவு விவரம், வங்கிக் கணக்குச் சான்று என்று கேட்பார்கள். அது முடியாமல் பிஓ பிறக்காது.

காகிதம் வந்ததும் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு கோப்பில் போட்டுவிடக் கூடாது. தொகை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, எண்ணிக்கை சரியா, கம்பெனி பெயர் சரியா என்று பார்க்க வேண்டும். ஒரே கட்டடத்தில் ஒரே பெயரோடு நான்கு பிரைவேட் லிமிடெட் இருக்கும். பிஓ ஒன்றின் பெயரில், இன்வாய்ஸ் இன்னொன்றின் பெயரில் என்றால் பழைய கதைதான்.

இந்த நேரத்தில் யாராவது, "அந்தக் காலத்தில் இதெல்லாம் கிடையாது, முகத்தைப் பார்த்தே கொடுத்தார்கள்" என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. இப்போது வங்கிகள் நிற்கும் அந்த வட்டாரத்தில்தான், மார்க்கெட் ஸ்திரீட்டில், செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஆளை நன்றாகத் தெரிந்துதான் கடன் கொடுத்தார்கள், ஆனாலும் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

அரசாங்கத்தோடும் பள்ளிகளோடும் தொழில் செய்பவர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. ஜிபிஸ் தளத்தின் வழியே வரும் வேலைக்கு ஆர்டர் எண் முதலிலேயே இருக்கும். இன்வாய்ஸும் மின்வழியேதான் போகும், சரியாக இருந்தால் வழக்கமான தவணை 30 நாள். எதிர்முனையில், பிஓ என்ற ஏற்பாடே இல்லாத சின்னக் கம்பெனிகள் உண்டு. அவர்களிடம் போய் நம்பர் கேட்டால் விழிப்பார்கள். எண்ணிக்கை, விலை, கம்பெனி பெயர், சம்மதம் நான்கும் உள்ள ஒரு மின்னஞ்சல் போதும்.

பிஓ இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று சில அலுவலகங்கள் மிரட்டுவதுண்டு. அது சரியில்லை. வாட்ஸ்அப்பில் விலை பேசி, பொருளை வாங்கித் தின்றும் விட்டால் கடன் கடன்தான். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலே தொடுக்கலாம். ஆனால் அடுத்த தீபாவளிக்கும் ஆர்டர் தரப்போகிறவர்மேல் எந்தக் கடைக்காரர் வழக்குப் போடுவார்?

அந்த இனிப்புக் கடைக்கு 2025-இலும் அதே அலுவலகத்திலிருந்து ஆர்டர் வந்தது. அந்தப் பெண் வேலை மாறிப் போய்விட்டாள். புதிதாக வந்தவர் சீன இளைஞர், மிகுந்த மரியாதையோடு அவரே முந்திக்கொண்டு பிஓ நம்பரை அனுப்பிவிட்டார். எடுத்துப் பார்த்தால் அது போன வருடத்து நம்பர். 260 பெட்டிக்கும் பணம் கொடுத்து முடித்துவிட்ட பிஓ அது, மிச்சத் தொகை பூஜ்யம். புதிய காகிதம் வேண்டும் என்று கடைக்காரரே பதில் எழுதினார், என்னைக் கேட்கவில்லை.