பள்ளியா, பல்லியா?

போன வருஷம் நாங்க மூணு பேரும் ஒரு லோகோ செஞ்சோம். டயகமவில எங்க பக்கத்து லயத்துல வளர்ந்த அக்கா ஒருத்தர் இப்ப லண்டன்ல இருக்காங்க. அங்க பெற்றோரே சேர்ந்து சனிக்கிழமை காலையில நடத்துற தமிழ்ப் பள்ளிக்குப் புது அடையாளம் வேணுமாம். "தம்பி, கெம்பஸ்ல இதெல்லாம் செய்றீங்கதானே, காசு தர ஏலாது" என்றாங்க. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குப் படம் வரையத் தெரியும் என்று ஊர்ல ஒரு நம்பிக்கை.

முதல்ல பழைய பதாகையோட படத்தை அனுப்பினாங்க. அதுல கொட்டை எழுத்துல இருந்தது `jkpo;g; gs;sp`. பார்த்த உடனே சிரிச்சிட்டோம். பாமினி எழுத்துருவில தட்டின "தமிழ்ப் பள்ளி" அது. பாமினி யூனிகோட் இல்ல; உள்ளுக்குள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துதான், மேல தமிழ் வடிவத்தைப் போர்த்தி இருக்கும். அச்சுக்கடைக் கணினியில அந்த எழுத்துரு இல்லாட்டிப் போர்வை விலகிடும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவர் அப்படியே அடிச்சுக் குடுத்துட்டார். அதனால யூனிகோட்ல தட்டி, முக்தா மலர் என்ற இலவச எழுத்துருவில அமைச்சு, கடைசியில எழுத்தையெல்லாம் கோட்டு வடிவமா மாத்தித்தான் அனுப்புறது என்று முடிவெடுத்தோம். அப்படி மாத்தினா எந்தக் கடையிலயும் எழுத்து உடையாது. ஆனா பிறகு எழுத்துப்பிழை கண்டா தட்டித் திருத்த ஏலாது. மாத்துறதுக்கு முன்னால மூணு பேர் வாசிக்கணும்.

அடுத்தது பேர். பாரிஸ் பக்கம் "தமிழ்ச்சோலை" என்கிறாங்க, சிட்னியில "பாலர் மலர்", நோர்வேயில "அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம்". முதல் ரெண்டும் பிள்ளை வாயில லேசா வரும். மூணாவது பேருக்குப் பின்னால 1988ல மட்டக்களப்புல உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட ஒரு தாயோட கதை இருக்கு, அதைப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும். அக்காவோட பள்ளிக்கு இப்படிப் பேரொண்ணும் இல்ல, வெறும் `Tamil Palli`. ஆங்கிலத்துல ளகரத்துக்குத் தனி எழுத்து இல்லாததால பிள்ளைகள் அதைப் "பல்லி" என்று வாசிச்சு, சுவர்ப் பல்லி படம் வரைஞ்சு சிரிக்கிறாங்களாம். பேரைத் தமிழ் எழுத்துல மட்டும் வச்சு, கீழ சின்னதா ஆங்கிலத்துல தமிழ் ஸ்கூல் என்று போடச் சொன்னோம்.

சண்டை வந்தது சின்னத்துலதான். குழுவில பாதிப் பேருக்குப் பனைமரம் வேணும், மத்தவங்களுக்கு யாழ். சிவப்பும் மஞ்சளும்தான் நிறம் என்று ஒருத்தர், அது பள்ளிக்கூடமா கட்சியா என்று கேட்பாங்க என்று இன்னொருத்தர். அக்கா எங்களுக்கு மட்டும் தனியா வொய்ஸ் போட்டாங்க: "எங்க ஊர்ல பனையை எங்கடா கண்டோம்? அதுக்காகக் கொழுந்துக் கூடையைப் போடச் சொல்லவும் மனசில்ல." எங்களுக்கும் மனசு வரல. கூடையை வச்சா யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் தஞ்சாவூர்ப் பிள்ளைக்கும் அதே கேள்வி வரும்தானே.

படத்தை விட்டுட்டு, இது எங்கெங்க வரப்போகுது என்று கேட்டோம். கட்டடம் வாடகைக்கு எடுத்தது, நிரந்தரப் பலகை கிடையாது. கேட்டுல ஒட்டுற தாள், போட்டோகொப்பி எடுக்கிற சான்றிதழ், டீ-சர்ட்ல நூல்வேலை, வாட்ஸ்அப் வட்டம். இவ்வளவுதான். டீ-சர்ட்டுக்கு ஒரு மாதிரி தைக்கச் சொன்னோம். நெஞ்சுப் பக்கம் பேர் சின்னதா வந்ததுல புள்ளி மூணும் நூலுக்குள்ள காணாமப் போயிடுச்சு. வாசிச்சா "தமிழப பளளி". ஓலைச்சுவடியிலயும் ஓலை பொத்துக்கும் என்று புள்ளி வைக்காம விடுவாங்க என்று படிச்சிருக்கோம். அந்தக் காலத்து ஆள் பழக்கத்துல வாசிச்சிடுவார், ஆனா எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஏழு வயசுப் பிள்ளை தடுமாறும்.

அதனால புள்ளியையே சின்னமாக்கினோம். எழுத்தோட கோட்டுத் தடிப்பைவிட ஒன்றரை மடங்கு அகலமா, எழுத்தைத் தொடாம கொஞ்சம் இடைவெளி விட்டு மூணு வட்டம். பேர் வராத சின்ன இடத்துல அந்த மூணு வட்டம் மட்டும். நிறம் ஒன்றே ஒன்று, கடுநீலம். கறுப்பு வெள்ளைக் கொப்பியிலயும் நிக்கணுமே. கொப்பியை மறுபடி கொப்பி எடுத்து, அதை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தோம். புள்ளி நின்றது. ளகரத்துச் சுழிதான் கொஞ்சம் அடைஞ்சது, அதைத் திறந்து விட்டோம். நூல்வேலைக்குப் பேரையே பெரிசாக்கி ரெண்டு வரியா உடைச்சோம்.

பனைமரத்துக்காரங்க முதல்ல முகம் சுளிச்சாங்களாம். புள்ளியெல்லாம் ஒரு சின்னமா என்று ஒரு ஐயா கேட்டிருக்கார், நியாயமான கேள்விதான். அப்புறம் அவரோட பேத்தி அந்த மூணு வட்டத்தையும் காட்டி ழ், ப், ள் என்று ஒவ்வொன்றா சொல்லிச்சாம். டீ-சர்ட் நாற்பது தைச்சாச்சு. வாட்ஸ்அப் குழுவில மட்டும் இன்னும் பழைய பனைமரம்தான் இருக்கு, அட்மின் அந்த ஐயாதான்.