கட்டுரையைக் காணாமல் எழுதிய பதில்

புனேயில் ஆய்வின் இரண்டாம் ஆண்டு. நெறியாளர் மதிப்பாய்வாளர்களின் கருத்துரைகளை மட்டும் அனுப்பி, "மறுமொழிக் கடிதத்தை எழுதி வையுங்கள்" என்றார். கட்டுரையோ களப்பணிக்குச் சென்றிருந்த இணையாசிரியரின் மடிக்கணினியில் இருந்தது.

இரண்டாம் மதிப்பாய்வாளரின் மூன்றாவது கேள்வி எளிதாகத் தோன்றியது: நான்கு குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு ஆறு டி-சோதனைகள் செய்திருக்கிறீர்கள், பல ஒப்பீடுகளுக்கான திருத்தம் எங்கே? பான்ஃபெரோனி முறைப்படி 0.05-ஐ ஆறால் வகுத்தால் வரம்பு ஏறத்தாழ 0.0083. இவ்வளவையும் எழுதக் கட்டுரை தேவையில்லை. ஆனால் என் கை அங்கே நிற்கவில்லை. "திருத்தத்திற்குப் பின்னும் முடிவுகள் மாறவில்லை, காண்க: பக்கம் 7" என்று சேர்த்தேன். (அந்தப் பக்க எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.)

நான்கு நாள் கழித்துக் கட்டுரை வந்தது. ஓர் ஒப்பீட்டின் பி-மதிப்பு 0.03. ஆய்வுச் சுருக்கத்தில் நாங்கள் முன்னிறுத்திய வேறுபாடே அதுதான். என் வாக்கியத்தை அழித்துவிட்டு, "இவ்வேறுபாடு திருத்தத்திற்குப் பின் புள்ளியியல் நோக்கில் நிலைக்கவில்லை, சுருக்கத்தை அதற்கேற்ப மாற்றியுள்ளோம்" என்று எழுதினேன்.

இப்போதெல்லாம் கட்டுரை கைக்கு வரும்வரை முடிவும் பக்க எண்ணும் வரவேண்டிய இடங்களை மஞ்சள் நிறமிட்டு வெறுமையாக விட்டுவிடுகிறேன். நெறியாளர் அன்று கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சுருக்கத்தை உண்மையிலேயே மாற்றிவிட்டீர்களா?"