பதினாறு லட்சமும் மூன்று குவியலும்

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடை முடித்துத் திரும்பும்போது, வேறொரு துறையின் சிக்கன நாணயச் சங்கத்தில் பொருளாளராக இருக்கும் தம்பி ஒருவர் என்னை நிறுத்தினார். "சார், எங்களுக்கும் வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கு. லாபம் முழுக்க வரி கட்டணும்னு சொல்றாங்க. உங்க சங்கத்துக்கு நீங்கதான் பதில் எழுதிக் கொடுத்தீங்களாமே?" என்றார். நின்றபடியே சொல்லி முடிக்கும் விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன். மற்ற சங்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கும் பயன்படட்டும்.

2021 பிப்ரவரியில் நடந்தது இது. நான் ஒரு காலத்தில் கௌரவச் செயலாளராக இருந்த எங்கள் துறைப் பணியாளர் சங்கத்துக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. இப்போதெல்லாம் தபாலில் வருவதில்லை, கணினியில்தான் வருகிறது. யார் அனுப்பியது, எந்த ஊர் அதிகாரி, ஒன்றும் தெரியாது. 2017-18ஆம் நிதியாண்டுக்கான கணக்கு. லாபம் 16 லட்ச ரூபாய். சங்கம் அந்த 16 லட்சத்தையும் 80-பி பிரிவின் கீழ் கழித்து, வரி இல்லை என்று காட்டியிருந்தது. அந்தக் கழிவை ஏன் மறுக்கக் கூடாது என்று கேட்டு, உத்தரவின் வரைவையும் கூடவே இணைத்திருந்தார்கள். பதிலுக்கு ஐந்து நாள் அவகாசம். மறுத்தால் வரி மட்டும் ஏறக்குறைய 4 லட்சத்து 91 ஆயிரம், வட்டியும் அபராதமும் தனி. அந்த வருடம் உறுப்பினர்களுக்குக் கொடுக்க நினைத்த டிவிடெண்ட் முழுவதும் அதில் போய்விடும்.

இப்போதைய செயலாளர் என்னிடம் வேலை பழகியவர். அவர் ஒரு பதில் தயாரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு பக்கம். நாங்கள் சிறிய சங்கம், 380 உறுப்பினர்கள், லாப நோக்கம் இல்லாதவர்கள், நாற்பது வருடமாகச் சேவை செய்கிறோம், கருணை காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு, "தம்பி, இதில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே?" என்றேன். கருணை காட்ட அந்த அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது. சட்டம் இடம் கொடுத்தால் கழிவு தருவார், இல்லாவிட்டால் மறுப்பார். அவ்வளவுதான்.

நான் முதலில் கேட்டது ரிட்டர்ன் தாக்கல் செய்த ஒப்புகைச் சீட்டு. அந்தக் கணக்கு ஆண்டிலிருந்து, கெடு நாளுக்குள் ரிட்டர்ன் போட்டு அதிலேயே கழிவைக் கேட்டிருந்தால்தான் 80-பி கிடைக்கும். தணிக்கை தாமதமாகிக் கெடு தவறிய சங்கங்கள் பல இந்த இடத்திலேயே விழுந்துவிட்டன. நல்ல வேளை, எங்களுடையது நாளுக்குள் போயிருந்தது. சீட்டை முதல் இணைப்பாக வைத்தோம்.

அடுத்து நோட்டீஸை உட்கார்ந்து படித்தோம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பள்ளியில் 'அனலீஸ் லொஜிக்' என்று ஒரு பயிற்சி உண்டு. நீண்ட வாக்கியத்தை வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போடுவார். எது முதன்மை வாக்கியம், எது அதைச் சார்ந்தது, 'எது' 'எவை' என்று வரும் சொல் எதைக் குறிக்கிறது என்று வெட்டி வெட்டிக் காட்ட வேண்டும். தவறினால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். இங்கிலீஷ் சட்ட வாக்கியம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஸ்கேல்தான் நினைவுக்கு வரும்.

அப்படி வெட்டிப் பார்த்ததில் அதிகாரி சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, நீங்கள் டெபாசிட் வாங்கிக் கடன் கொடுக்கிறீர்கள், ஆகவே நீங்கள் கூட்டுறவு வங்கி. 2007 ஏப்ரல் முதல் கூட்டுறவு வங்கிக்கு 80-பி கிடையாது. இரண்டு, உங்கள் வருமானத்தில் வங்கி டெபாசிட் வட்டியும் இருக்கிறது. அது உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்தது அல்ல. முதல் விஷயம் நின்றால் 16 லட்சமும் போகும். இரண்டாவது மட்டும் நின்றால் ஒரு பகுதிதான் போகும். செயலாளர் எழுதிய பதில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தது.

முதல் விஷயத்துக்கு வருவோம். கூட்டுறவு வங்கி எது என்று வருமான வரிச் சட்டம் தானே சொல்வதில்லை. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது. அதன்படி எங்களைப் போன்ற சங்கம் 'தொடக்கக் கூட்டுறவு வங்கி' ஆக வேண்டுமானால் மூன்று அடையாளம் வேண்டும். முக்கியத் தொழில் வங்கித் தொழிலாக இருக்க வேண்டும். பங்குத் தொகையும் ஒதுக்கு நிதியும் சேர்ந்து ஒரு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வேறு கூட்டுறவுச் சங்கத்தை உறுப்பினராகச் சேர்க்கத் துணைவிதி இடம் தரக் கூடாது. இதில் பின்னிரண்டும் எங்களுக்கு இருக்கின்றன, மறைக்க முடியாது. ஆனால் மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் வங்கி. முதலாவது எங்களிடம் இல்லை. வங்கித் தொழில் என்றால் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க வேண்டும், செக் முதலியவற்றால் எடுக்கும்படியும் இருக்க வேண்டும். நாங்கள் உறுப்பினர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் சிக்கன சேமிப்பைத்தான் வாங்குகிறோம். செக் புத்தகம் கிடையாது. ரிசர்வ் வங்கி லைசென்ஸும் கிடையாது.

சரியான நேரத்தில் ஒரு துணையும் கிடைத்தது. அதற்கு முந்தைய மாதம், 2021 ஜனவரி 12 அன்று, கேரளத்து மாவிலாயி சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அது விவசாயக் கடன் சங்கங்களின் வழக்குதான். ஆனால் அதில் சொன்ன விளக்கம் எங்களுக்கும் பொருந்தியது: லைசென்ஸ் பெற்று மற்ற வங்கிகளைப் போலப் பொதுமக்களுக்குக் கடன் கொடுக்கும் கூட்டுறவு வங்கிகளை மட்டுமே அந்த விலக்கு குறிக்கிறது. உறுப்பினர் அல்லாதவருக்குக் கொடுத்த கடனில் வந்த லாபத்துக்குக் கழிவு இல்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே இரண்டு நாள் உட்கார்ந்து கடன் பேரேட்டை உறுப்பினர் பதிவேட்டோடு ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்த்தோம். எல்லாம் உறுப்பினர்தான். அந்தப் பட்டியலும் துணைவிதி நகலும் அடுத்த இணைப்புகள்.

இரண்டாவது விஷயத்தில்தான் எனக்குச் சங்கடம். தேசிய வங்கி ஒன்றில் 35 லட்சம் வைப்பு இருந்தது, அந்த வருட வட்டி 2,40,000. கூட்டுறவு வங்கி ஒன்றில் இருந்த வைப்பில் வட்டி 1,60,000. சட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் இன்னொரு கூட்டுறவுச் சங்கத்தில் செய்த முதலீட்டின் வட்டிக்குத் தனியாகவே ஓர் உட்பிரிவு உண்டு, அதற்கு முழுக் கழிவு கேட்கலாம். தேசிய வங்கி வட்டிக்கு அந்த வசதி இல்லை. அந்தத் தேசிய வங்கி வைப்பை ஆரம்பித்து வைத்தவன் நான்தான். அலுவலகத்துக்கு எதிரே கிளை, வட்டியும் அரை சதவீதம் கூட. லாபம் முழுவதையும் ஒரே வரியில் கழிவாகக் காட்டும் பழக்கமும் என் காலத்தில் வந்ததே. அதுவரை யாரும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

"எல்லாமே எங்க தொழில் வருமானம்னு அடிச்சுச் சொல்லிடலாம் சார்" என்றார் செயலாளர். சில உயர் நீதிமன்றங்கள் அப்படி ஒத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் 2010இல் டாட்கர்ஸ் சங்க வழக்கில், உடனடித் தேவைக்கு மேல் மிஞ்சிய பணத்தை வங்கியில் போட்டு வந்த வட்டி வேறு வருமானம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பலவீனமான இடத்தில் பிடிவாதம் பிடித்தால், பலமான இடத்தில் நாம் சொல்வதையும் அதிகாரி சந்தேகத்தோடு படிப்பார் என்பது என் எண்ணம். ஆகவே இந்தக் குவியலை விட்டுக் கொடுப்போம், ஆனால் அதைச் சம்பாதிக்க ஆன செலவைக் கேட்போம் என்றேன். உறுப்பினர் சேமிப்புக்குச் சங்கம் 6 சதவீதம் வட்டி கொடுத்தது. அந்தப் பணத்தில் போட்ட வைப்பானால் அந்த வட்டி செலவுதானே.

செயலாளர் உடனே கணக்குப் போட்டார். 35 லட்சத்துக்கு 6 சதவீதம் 2,10,000. 2,40,000இல் அதைக் கழித்தால் வெறும் 30,000. அவர் முகம் மலர்ந்தது. பேரேட்டைப் புரட்டினேன். 35 லட்சத்தில் 20 லட்சம் ஒதுக்கு நிதியிலிருந்து போட்டது. ஒதுக்கு நிதிக்கு யாருக்கும் வட்டி கொடுப்பதில்லை. சேமிப்புப் பணம் 15 லட்சம் மட்டுமே. அதற்கு 6 சதவீதம் 90,000. வரிக்குரியது 1,50,000. "யாருக்கு சார் தெரியப் போகுது?" என்றார். "பேலன்ஸ் ஷீட்டில் ஒதுக்கு நிதி எழுதியிருக்கே தம்பி, படிக்கத் தெரிந்த யாருக்கும் தெரியும்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 90,000 என்றே எழுதினோம்.

இப்படி 16 லட்சம் மூன்று குவியலானது. உறுப்பினர் கடனில் வந்த லாபம் 12,90,000, முழுக் கழிவு கேட்டோம். கூட்டுறவு வங்கி வட்டி 1,60,000, தனி உட்பிரிவின் கீழ்க் கழிவு கேட்டோம். தேசிய வங்கி வட்டியில் நிகரம் 1,50,000, வரி கட்டச் சம்மதித்தோம். அதற்கு வரி 43,260 ரூபாய். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பத்தி, ஒரு சான்று. 'சேவை' என்ற சொல் பதிலில் எங்கும் இல்லை.

உத்தரவு வந்தது. நாங்கள் வங்கி அல்ல என்பதை ஏற்றுக்கொண்டார். 12,90,000க்குக் கழிவு கிடைத்தது. 90,000 செலவையும் ஒத்துக்கொண்டார். ஆனால் கூட்டுறவு வங்கி வட்டி 1,60,000க்குக் கழிவு இல்லை என்றார். வங்கியான பிறகு அது கூட்டுறவுச் சங்கமாக எண்ணப்படாது என்பது அவர் வாதம். கூட்டுறவு வங்கியும் கூட்டுறவுச் சட்டத்தில் பதிவான சங்கம்தானே என்பது எங்கள் வாதம். 30 நாளுக்குள் ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தி மேல்முறையீடு போட்டோம். அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

43,260 ரூபாய் பற்றிப் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "இத்தனை வருஷம் கட்டாததை இப்ப ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாராம். செயலாளர் என் பெயரைச் சொல்லவில்லை. "கட்ட வேண்டியதைக் கட்டினோம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். அதைக் கேட்டபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. அந்த வைப்பு போட்ட கை என்னுடையது.

கடற்கரையில் கேட்ட தம்பிக்கு: முதலில் ஒப்புகைச் சீட்டின் தேதியைப் பாருங்கள். பிறகு எந்த வைப்பு எந்தப் பணத்தில் போட்டது என்று பேரேட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வீட்டில்தான் இருப்பேன்.