எவ்வளவு படித்தால் சொல் ஒட்டும்?

ஸ்ரீரங்கத்தில் வியாக்கியானங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அளவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. எல்லாம் திருவாய்மொழிக்கு எழுந்த உரைகள். ஒற்றெழுத்தை விட்டு எண்ணினால் 32 எழுத்து ஒரு படி. ஒரு நூல் எவ்வளவு நீளம் என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்த ஊரில் இருந்துகொண்டு, “எவ்வளவு படித்தால் தெரியாத சொல் தானாகப் புரியும்?” என்ற கேள்விக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா?

கேட்டவன் எங்கள் தெருப் பையன். கல்லூரியில் கணிதம் படிக்கிறான். முப்பத்தாறாயிரப்படியை, அதாவது ஈட்டை, அகராதி இல்லாமல் படித்தே கற்றுவிட வேண்டும் என்று ஆசை. “எத்தனை பக்கம் மாமா ஆகும்?” என்றான். பக்கக் கணக்கு உதவாது, சொற்கணக்கு வேண்டும் என்றேன்.

முதலில் ஈட்டின் அளவு. 36,000 படி என்றால் சுமார் பதினொன்றரை லட்சம் எழுத்து. மணிப்பிரவாள நடையில் ஒரு சொல்லுக்குச் சராசரி நான்கு எழுத்து என்று வைத்துக்கொண்டால் மூன்று லட்சம் சொற்களுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். படி எண்களே உத்தேசமானவைதாம். இன்ன வடமொழி நூலுக்குச் சமமான அளவு என்று மதிப்பாகச் சொல்லிவைத்தவை. ஆனாலும் கணக்குத் தொடங்க இது போதும்.

அடுத்தது, ஒரு சொல் எத்தனை தடவை கண்ணில் பட்டால் ஒட்டும்? நியூசிலாந்தின் பால் நேஷன் 2014-ல் ஆங்கிலத்துக்கு இதைக் கணக்கிட்டார். ஒரு சொல்லைப் பன்னிரண்டு தடவையாவது சந்திக்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட அளவு. அதிகம் புழங்கும் சொற்களை ஆயிரம் ஆயிரமாக அடுக்கினால், இரண்டாவது ஆயிரத்தை அத்தனை தடவை சந்திக்கச் சுமார் 1.7 லட்சம் சொல் படிக்க வேண்டும். மூன்றாவது ஆயிரத்துக்கு 3 லட்சம். ஐந்தாவதற்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. ஒன்பதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம். மேலே போகப் போக சொற்கள் அரிதாவதுதான் காரணம். பன்னிரண்டு தடவை எதிர்ப்பட வேண்டுமென்றால் அவற்றுக்கு இடையில் கிடக்கும் மற்றச் சொற்களையெல்லாம் கடந்துதானே ஆக வேண்டும்?

நிமிடத்துக்கு 150 சொல் படிக்கிறவனுக்கு 3 லட்சம் என்பது 33 மணி நேர வேலை. 30 லட்சம் என்றால் தினம் ஒரு மணி நேரம் வீதம் கிட்டத்தட்ட ஒரு வருஷம். இந்த எண்களை அப்படியே தமிழுக்குத் தூக்கிவரக் கூடாது என்பதையும் பையனிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக நிற்பது நமக்கு உருபும் விகுதியும் ஒட்டி ஒரே சொல்லாக நிற்கும். அதே விஷயத்துக்கு நம் சொல் எண்ணிக்கை குறைவு, உருவங்கள் அதிகம்.

“அப்ப ஈட்டை ஒரு தடவை முடிச்சாப் போதும்” என்றான் பையன். கணிதக்காரன் அல்லவா. இங்கேதான் ஒரு நிபந்தனை குறுக்கே வருகிறது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கில வாசகப் புத்தகத்தில் திணறுவதைப் பார்த்து அவர் வைத்த விதி: ஓடும் வாசகத்தில் 50 சொல்லுக்கு ஒரு புதுச்சொல்லுக்கு மேல் கூடாது. பல பத்தாண்டு கழித்து, 2000-ல், நேஷனும் இன்னொருவரும் சோதித்ததிலும் ஏறக்குறைய அதே இடம்தான் வந்தது. நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் புரிகிறது. நூற்றுக்கு 80 தெரிந்தவர்களில் ஒருவருக்கும் சரியாகப் புரியவில்லை. ஊகிக்க வேண்டுமானால் சுற்றி நிற்கும் சொற்கள் வெளிச்சம் தர வேண்டும். அவையும் இருட்டாக இருந்தால் எதைப் பிடித்து ஊகிப்பது?

பென்சிலைக் கொடுத்து ஈட்டில் ஒரு பத்தியை நூறு சொல் வரை எண்ணச் சொன்னேன். தெரியாததன் மேல் புள்ளி. பதினெட்டுப் புள்ளி விழுந்தது. இந்த நிலையில் அவன் ஈட்டை மூன்று தடவை படித்தாலும் பாரதந்த்ர்யம், ஸௌலப்யம் என்பவை கண்ணுக்குப் பழகிய எழுத்துகளாகத்தான் நிற்கும், பொருள் பிடிபடாது.

சரி, சிறியதில் தொடங்குகிறேன் என்று ஆறாயிரப்படியை எடுத்தான். பலரும் செய்வது இது. ஆனால் திருக்குருகைப்பிரான் பிள்ளானின் அந்த உரை அளவில் சிறியதே தவிர, வடசொல் அடர்த்தி அதிகம். தெரியாத சொல் நெருக்கமாக வரும், திரும்ப வரவும் இடமில்லை. மெலிந்த புத்தகம் எளிய புத்தகம் என்று நினைப்பது எந்த மொழியிலும் இப்படித்தான் காலை வாரும்.

நான் சொன்ன வழி வேறு. வாதிகேசரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி பாசுரத்துக்குப் பதவுரை தருவது. அதை வைத்துப் பாசுரத்தைத் தெரிந்துகொள். பிறகு புருஷோத்தம நாயுடு செய்து சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘ஈட்டின் தமிழாக்கம்’ இருக்கிறது, பத்துத் தொகுதி. ஒரு திருவாய்மொழியை, அதாவது பத்துப் பதினொரு பாசுரத்தை, அதில் படித்துவிட்டு உடனே மூல ஈட்டில் அதே பகுதியைப் படி. என்ன சொல்லப் போகிறார்கள் என்பது முன்பே தெரிந்திருப்பதால் புதுச்சொல்லின் பொருள் கைக்கெட்டும். இரண்டு மாதம் போனபின் மறுபடி பென்சில் வைத்தோம். நூற்றுக்கு ஐந்து புள்ளி. இன்னும் 98 வரவில்லை, ஆனால் தமிழாக்கம் பக்கத்தில் இருந்தால் இது தாங்கும்.

ஈட்டுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே பொருளைப் பற்றி ஒரே குரலில் பேசும் நூல் அது. 1102 பாசுரத்துக்கும் அவதாரிகை, விளக்கம் என்று ஒரே வரிசையில் நடக்கும். ஆகவே சேஷத்வம், உபாயம், ஆஸ்ரிதர் என்பவை பன்னிரண்டு தடவைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சில திருவாய்மொழிகளுக்குள்ளேயே கிடைத்துவிடும். பல ஆசிரியரைத் துளித்துளியாகப் படிப்பதைவிட ஒருவரையே தொடர்ந்து படிப்பது சொல்லுக்கு நல்லது என்பது இதனால்தான். மணவாள மாமுனிகள் பெருமாள் முன்னிலையில், உற்சவங்களை நிறுத்திவைத்து, ஒரு வருஷம் ஈடு சொன்னதாக வழக்கு. வருஷத்துக்குப் பிரித்தால் நாளைக்கு மூன்று பாசுரம், மூல ஈடு மட்டும் 800 சொல் அளவு. ஒரே நாளில் பன்னிரண்டு தடவை பார்த்த சொல்லைவிட, இப்படி நாள் இடைவெளி விட்டுத் திரும்பி வரும் சொல் நன்றாகத் தங்கும்.

தங்கியதா என்று எப்படித் தெரியும்? சொல்லை மட்டும் தனித்தாளில் எழுதி ஒரு வாரம் கழித்துக் கேட்பேன். அந்தப் பாசுரத்தைக் காட்டினால்தான் பொருள் சொல்கிறான் என்றால் அவனுக்குப் பாசுரம் தெரிகிறது, சொல் தெரியவில்லை. பெரிய தொந்தரவு, தெரிந்ததுபோல் தோன்றும் சொற்களால்தான். ‘விஷயாந்தரம்’ என்பதை அவன் ‘வேறு சமாசாரம்’ என்றே வெகுநாள் படித்துவந்தான். வாக்கியமும் ஒருமாதிரி ஓடியதால் சந்தேகம் வரவில்லை. ஈட்டில் அது பகவானை விட்டு மனம் போகும் மற்ற இன்பப் பொருள். தவறான ஊகம் பன்னிரண்டு தடவை வந்தால் அதுவும் பன்னிரண்டு மடங்கு உறுதிப்படும். புள்ளி வைக்காத சொற்களிலும் பக்கத்துக்கு ஒன்றையாவது தமிழாக்கத்தோடு ஒப்பிடு என்று சொல்லியிருக்கிறேன்.

அகராதியே வேண்டாம் என்ற அவன் பிடிவாதத்துக்கு நான் உடன்படவில்லை. எந்தப் பெரிய நூலிலும் வெவ்வேறு சொற்களைப் பட்டியலிட்டால் பாதிக்குப் பக்கம் ஒரே ஒரு தடவை வந்தவையாக இருக்கும். அவற்றுக்குப் பன்னிரண்டாவது சந்திப்பு இந்த நூலுக்குள் கிடையாது. இப்போது மூன்றாம் பத்தில் இருக்கிறான். ஒரு புள்ளி மூன்றாவது தடவையும் வந்தால் ஊகம், அதுவரை வராவிட்டால் பத்து முடிந்ததும் அகராதி என்று ஏற்பாடு.