ஒருமுறை மட்டும் நினைவூட்டிய மன்னிப்பு

குண்டடத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் ஆறு தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன. திருப்பூரிலிருந்து வெட்டிய துணி கட்டாக வரும். தைத்து, எண்ணித் திருப்பி அனுப்புவோம். அந்த வேலையைத் தருபவர் எங்கள் மச்சான். ஒருநாள் அவர் வந்து, நான்கு டஜன் பனியன்கள் குறைகின்றன என்று தையல் பெண்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். சொன்ன விதத்தில், நாங்கள்தாம் எடுத்தோம் என்ற பொருள் தெளிவாகவே இருந்தது. மூன்றாம் நாள் அந்த 48 உருப்படிகளும் அவருடைய தேய்ப்புப் பிரிவிலேயே கிடைத்தன. வெள்ளி இரவு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

நாங்கள் பதில் எழுதவில்லை. பகையினால் அன்று. குற்றச்சாட்டைக் கேட்டவர்கள் பத்துப்பேர். மன்னிப்பைப் படித்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. 'பரவாயில்லை' என்று எழுதினால் அந்தப் பத்துப்பேரின் காதில் விழுந்தது அப்படியே நின்றுவிடும். எழுதாவிட்டால் உறவு அறுந்ததாகிவிடும். இரண்டுக்கும் நடுவே சொல் வரவில்லை.

ஒரு வாரம் கழிந்தது. மறு சனிக்கிழமை, வாரக்கூலி கொடுத்து முடித்தபின், அவரிடமிருந்து மற்றொரு செய்தி வந்தது:

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். போன வாரம் எழுதியது வந்து சேர்ந்ததா என்றுதான் கேட்கிறேன். அதில் சொன்னதில் மாற்றமில்லை, பிழை என்னுடையது. தையல் பிள்ளைகளிடமும் நேரில் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் சரி என்றால் வருகிறேன். இதற்குப் பதில் எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை. இனி இதுபற்றி நான் கேட்கமாட்டேன். வேலை வழக்கம்போல் வரும்."

இச்செய்தியில் இல்லாதவற்றை முதலில் எண்ணினோம். 'ஏன் பதிலில்லை', 'இன்னும் கோபமா' என்ற கேள்விகள் இல்லை. அன்றைக்கு ஆர்டர் நெருக்கடி என்ற புதிய விளக்கம் இல்லை. இரண்டாம் முறை எழுதுவோர் பெரும்பாலும் சறுக்குவது இவ்விடத்தில்தான்: முதற்செய்தியில் மன்னிப்புக் கேட்டவர், பதில் வராத வேதனையில் இரண்டாவதில் வழக்காடத் தொடங்கிவிடுவார்.

இருந்தவற்றுள் மிகுந்த எடையுள்ளது, வேலை வழக்கம்போல் வரும் என்ற வரி. வேலை தருபவர் மன்னிப்புக் கேட்கையில், மறுத்தால் கட்டு வருவது நின்றுவிடுமோ என்ற அச்சம் வாங்குபவருக்கு இருக்கும். அவ்வச்சத்தில் கிடைப்பது மன்னிப்பாகாது. அதை அவரே எடுத்துவிட்டார்.

வேறொன்றும் அவர் செய்யவில்லை. மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுக்கலாகாது என்னும் நபிமொழியை அனுப்பவில்லை. பாதிக்கப்பட்டவரை நோக்கி அந்த நபிமொழியை எறிவது இப்போது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அங்கே பேசப்படுவது, சந்திக்கும்போது முகம் திருப்பிக்கொள்வது பற்றி. ஸலாமை முதலில் சொல்பவரே சிறந்தவர் என்றுதான் அது முடிகிறது. ஸலாம் சொன்னாலே ஒதுக்கல் நீங்கிவிடும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த வாரம் ஜும்ஆவில் அவர் ஸலாம் சொன்னார், நாங்களும் பதில் சொன்னோம். நாங்கள் வாய்திறக்காதது ஒரு கோரிக்கைக்கு மட்டுமே.

அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரிடையே வார்த்தை தடித்த நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் அபூதர்தா (ரலி) வாயிலாக வருகிறது. அபூபக்ர் மன்னிப்புக் கேட்டுப் பின்தொடர்ந்தார். உமர் இசையாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அபூபக்ர் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை, நபி (ஸல்) அவர்களிடம் போய்விட்டார். பின்னர் உமர் தாமே வருந்தி அபூபக்ரின் வீட்டைத் தேடிச் சென்றார். சாத்திய கதவுக்கு வெளியே ஒருவரும் நிற்காததும் அந்த மனமாற்றத்துக்கு இடம் தந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

சரி, அப்படியானால் இரண்டாம் செய்திதான் எதற்கு? முதல் மௌனத்துக்குப் பல பொருள் உண்டு. செய்தி பிற செய்திகளுக்கடியில் புதைந்திருக்கலாம். நீல நிறக் குறி விழுந்தாலும் படித்தது வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். கேட்டவர் ஒப்புக்குக் கேட்டாரோ என்ற ஐயமும் எங்களுக்கு இருந்தது. ஒரு வாரம் கழித்தும் அதே சொல்லில் நின்றதால் அது தீர்ந்தது. இரண்டாவதற்குப் பின்னும் மௌனமென்றால், அதற்குப் பொருள் ஒன்றுதான். மூன்றாவது செய்தி, அல்லது மாமியைத் தூதனுப்புவது, நெருக்கடியாகிவிடும்.

பிறர் உரிமையில் கைவைத்த பாவத்துக்குத் தவ்பா செய்பவர் அந்த உரிமையைத் திருப்பித் தரவும் வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். எங்களிடமிருந்து போனது பணமன்று, பெயர். அதைத் திருப்பித் தரும் வழியை இரண்டாம் செய்தியில்தான் அவர் சொல்லியிருந்தார்.

நான்கு நாட்கள் கழித்து, "திங்கள் காலை பத்து மணிக்கு எல்லோரும் இருப்பார்கள்" என்று மட்டும் எழுதினோம். வந்தார். இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, 48 உருப்படிகளும் தம்மிடமே இருந்தன என்று சொன்னார். பெண்களுள் மூத்தவர், "அன்னிக்கே எண்ணிப் பாத்திருக்கலாமுங்க" என்றார். மச்சான் தலையசைத்தார். நாங்கள் இன்னும் 'மன்னித்தோம்' என்ற சொல்லைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது கட்டுகள் வரும்போது வாசலிலேயே இருதரப்பும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுகிறோம்.